சின்ன வீட்டுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கரா, சவுண்ட்பாரா: வாட், இணைப்பு, உடல் பார்த்து வாங்குவது எப்படி

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 10-க்கு 12 அடி ஹால், அதில் சுவரை ஒட்டி 43 அங்குல டிவி, எதிரே 8 அடி தூரத்தில் சோபா. அடுத்து ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கீழ்த்தளத்தில் இன்னொரு குடும்பம். டிவியில் கேபிள் செட்டாப் பாக்ஸும் இணையப் படங்களும் ஓடுகின்றன. காலையில் சமையலறையில் பாட்டு வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான அடுக்ககங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

இந்த வீட்டுக்காரர் கடைக்குப் போனால் விற்பவர் முதலில் காட்டுவது வாட் எண்ணைத்தான். 80, 120, 500 என்று அது ஏறிக்கொண்டே போகும். ஆனால் இந்த அளவு அறைக்கு வாட் ஒரு பிரச்சினையே இல்லை. வாங்கிய பிறகு வரும் புகார்களில் பெரும்பகுதி இணைப்பைப் பற்றியது, அடுத்தபடி வைத்த இடத்தைப் பற்றியது.

முதல் படி: வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

டிவிக்கு ஒரு பொருள், பாட்டுக்கு ஒரு பொருள் என்று பிரித்து யோசித்தால் பாதிக் குழப்பம் தீரும். டிவியில் நமக்கு முக்கியம் வசனம் தெளிவாகக் கேட்பதும், உதட்டசைவோடு அது ஒத்துப்போவதும். அதற்குக் கம்பி வழி இணைப்பு வேண்டும், ஒலி திரைக்கு நேர்கீழிருந்து வரவேண்டும். ஆகவே டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கரான சவுண்ட்பார். சமையலறைப் பாட்டுக்குக் கம்பி வேண்டாம், பேட்டரி வேண்டும், ஈரம் தாங்கவேண்டும். ஆகவே சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்.

இரண்டையும் ஒன்றே செய்யட்டும் என்று பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைப்பவர்கள், ஒரு மாதத்தில் மறுபடி டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கே திரும்பிவிடுவதைப் பார்க்கலாம். ஏன் என்பது இணைப்பைப் பேசும்போது புரியும். டிவியே இல்லாத வீடு, அல்லது படம் முழுவதும் மொபைலில்தான் என்றால் சவுண்ட்பார் தேவையே இல்லை.

இரண்டாம் படி: உண்மையில் எத்தனை வாட் வேண்டும்?

சின்ன ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 84 டெசிபல் சத்தம் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். நம் சோபா 2.4 மீட்டர் தள்ளி இருக்கிறது. மூடிய அறையில் சுவர்களும் ஒலியைத் திருப்பித் தருவதால் அந்தத் தூரத்தில் 5 டெசிபல் போலத்தான் குறையும்.

செய்தி கேட்க, சோபாவில் 65 டெசிபல் போதும். அப்படியென்றால் 1 மீட்டரில் 70 வேண்டும். 84-ஐவிட இது 14 டெசிபல் குறைவு. வாட்டில் சொன்னால் 1 வாட்டில் 25-ல் ஒரு பங்கு. சண்டைக் காட்சியில் சோபாவிலேயே 90 டெசிபல் அதிரவேண்டும் என்று கேட்டால்கூட 1 மீட்டரில் 95 தேவை. அது 84-க்கு மேல் 11 டெசிபல், அதாவது சுமார் 13 வாட். இடது, வலது இரண்டும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 6, 7 வாட்.

பேஸ் ஒலிக்குக் கூடுதல் சக்தி வேண்டும், சின்ன ஸ்பீக்கர்களில் பேஸைச் செயற்கையாகத் தூக்கிக் கொடுப்பதும் உண்டு. அதற்கெல்லாம் இடம் விட்டாலும் இந்த ஹாலுக்கு 30 முதல் 40 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கிடைக்கும் சக்தி, தாராளம். பேஸுக்கென்றே உள்ள தனி சப்வூஃபர் பெட்டியைச் சேர்த்தால் அதற்கு இன்னொரு 40 வாட்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்கிற அளவு. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் கொடுக்கவேண்டும். ஆகவே 40 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசம் சத்தமாக உங்கள் காதுக்கு வந்து சேராது. அந்தப் பணத்தை நல்ல இணைப்புக்கும் கனமான பெட்டிக்கும் கொடுப்பதே மேல்.

பெட்டியில் போட்ட எண்ணைச் சோதிப்பது

ஆர்எம்எஸ் என்பது ஆம்பிளிஃபயர் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. பிஎம்பிஓ, ‘பீக்’, ‘மியூசிக் பவர்’ என்ற பெயரில் வருபவை கணநேர உச்சம். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கணக்கிட்டுப் போடும் எண். அவற்றை வைத்து இரண்டு பொருள்களை ஒப்பிடவே முடியாது. ஆர்எம்எஸ் எண்ணிலும் ஒரு சின்ன வேலை உண்டு: 10 சதவீத ஒலிச் சிதைவோடு அளந்தால், 1 சதவீதச் சிதைவில் அளந்ததைவிட கால் பங்குக்கு மேல் கூடுதலாக வரும். சிதைவு அளவையும் சேர்த்து அச்சிட்டிருக்கும் நிறுவனத்தைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

சவுண்ட்பாருக்கு வெளி அடாப்டர் இருந்தால் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். 15 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெருக்கினால் 30 வாட். பெட்டியில் 120 வாட் என்று எழுதியிருந்தாலும் தொடர்ந்து 30-க்கு மேல் வர வழியில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரு தாள அடி விழும் நேரத்துக்கு அதைவிடக் கூடுதலாகத் தரும், அவ்வளவுதான். அடாப்டரில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நேரடியாகக் கரண்டில் சொருகும் சவுண்ட்பாரில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பின்பக்கம் ஒட்டியிருக்கும் மின்நுகர்வு எண் பெரும்பாலும் முழுச் சத்தத்தில் அளந்ததல்ல, சராசரிப் பயன்பாட்டுக்கானது. அங்கே 45 வாட் என்றும் பெட்டியில் 150 வாட் என்றும் இருப்பதை மட்டும் வைத்துப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம்.

பேட்டரி ஸ்பீக்கருக்கு வேறு கணக்கு. 3.7 வோல்ட், 2,600 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் அதில் 9.6 வாட் மணி சக்தி இருக்கிறது. பெட்டியில் ‘20 வாட்’ என்றும் ‘12 மணி நேரம்’ என்றும் இரண்டும் எழுதியிருக்கும். 20 வாட்டில் ஓடினால் அரை மணியில் தீர்ந்துவிடும். 12 மணி ஓட வேண்டுமென்றால் சராசரி 0.8 வாட்தான். இரண்டுமே பொய்யில்லை, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையும் இல்லை. முக்கால் சத்தத்தில் வைத்துக் கேட்கும் வழக்கம் உள்ளவர்கள் போட்டிருக்கும் மணி நேரத்தில் பாதிக்கும் கீழேயே எதிர்பார்க்கவேண்டும்.

மூன்றாம் படி: டிவியின் முதுகைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் டிவியைக் கொஞ்சம் திருப்பி, பின்னாலும் பக்கவாட்டிலும் இருக்கும் எல்லாத் துளைகளையும் மொபைலில் படம் எடுங்கள். எந்த சவுண்ட்பார் உங்களுக்கு ஒத்துவரும் என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகே மட்டும் ‘ஆர்க்’ அல்லது ‘இ-ஆர்க்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அதுவே முதல் தேர்வு. சாதாரணமாக எச்டிஎம்ஐ துளை படத்தையும் ஒலியையும் டிவிக்குள் வாங்கும். ஆர்க் துளை ஒலியை வெளியே அனுப்பவும் செய்யும். செட்டாப் பாக்ஸ், பென் டிரைவ், இணையப் படம் என்று டிவியில் எது ஓடினாலும் அதன் ஒலி இந்த ஒரே கம்பியில் சவுண்ட்பாருக்குப் போய்விடும். டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். டிவியை அணைத்தால் பாரும் அணையும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ரிமோட் ஒன்றாகக் குறைவதே பெரிய உதவி.

அதற்கு டிவி மெனுவில் HDMI-CEC என்பதை இயக்கவேண்டும். சாம்சங் இதை Anynet+ என்றும், எல்ஜி SIMPLINK என்றும், சோனி BRAVIA Sync என்றும் காட்டும். ஆர்க் கம்பியைச் சொருகியும் சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் இது அணைந்திருக்கும், அல்லது கம்பியை ஆர்க் அல்லாத பக்கத்துத் துளையில் சொருகியிருப்பார்கள்.

ஆர்க் இல்லையென்றால் அடுத்தது ஆப்டிகல். சதுர வடிவத் துளை, சின்ன மூடி போட்டிருக்கும், உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். ஒலித் தரத்தில் இந்த ஹாலுக்கு ஆர்க்குக்குக் குறைந்ததல்ல. ஆனால் டிவி ரிமோட் பெரும்பாலும் இதில் வேலை செய்யாது, பாரின் ரிமோட்டைத் தனியே எடுக்கவேண்டும். புதுக் கம்பியின் இரு முனையிலும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். அதைக் கழற்றாமலே அழுத்திச் சொருகிவிட்டு, பார் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டிலும் பொதுவாக வரும் கோளாறு ஒன்று: செட்டாப் பாக்ஸ் சேனலில் சத்தம் வருகிறது, ஒரு படத்தைப் போட்டால் மட்டும் ஊமையாகிவிடுகிறது. படம் டால்பி வடிவில் ஒலியை அனுப்புகிறது, விலை குறைந்த பாருக்கு அதைப் பிரித்தெடுக்கத் தெரியாது. டிவியின் ஒலி அமைப்புக்குள் போய் Digital Audio Out (சில டிவிகளில் Digital Sound Output) என்பதை Auto-விலிருந்து PCM-க்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டுமே இல்லாத பழைய டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் கம்பி போதும். டிவியின் சத்தத்தை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, மீதியைப் பாரில் கூட்டிக் குறையுங்கள். டிவியில் மிகக் குறைவாக வைத்துப் பாரில் ஏற்றினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிவியில் இருப்பவை பெரும்பாலும் உள்வாங்கும் துளைகள். பாரை அங்கே சொருகினால் சத்தம் வராது.

ஆக்ஸில் இணைத்ததும் தாழ்ந்த குரலில் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் கேட்டால், செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் வயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் சேர்ந்து ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது என்று பொருள். ஆப்டிகலுக்கு மாறினால் அடியோடு போய்விடும், ஏனென்றால் அதில் மின்சாரமே கடப்பதில்லை. வழியில்லையென்றால் ஆக்ஸ் கம்பியின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றைச் சேர்க்கலாம். எர்த் பின்னை வெட்டிவிடுவது மட்டும் வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

ப்ளூடூத் ஏன் டிவிக்கு ஆகாது

ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் விரிக்க நேரம் பிடிக்கும். பொதுவான எஸ்பிசி முறையில் இது 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை போகும். ஒலி 125 மில்லிசெகண்ட் பிந்தினாலே சாதாரணப் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும் என்பது ஒளிபரப்புத் துறை ஏற்றுக்கொண்ட அளவு. வாய் மூடிய பிறகு வசனம் வருகிறது என்றால் காரணம் இதுவே.

டிவி மெனுவில் Audio Delay இருக்கிறதே என்று பலர் அதைத் திருகிப் பார்ப்பார்கள். அது ஒலியை இன்னும் தாமதப்படுத்தத்தான் உதவும். ஏற்கெனவே பிந்தி வரும் ஒலியை முன்னே இழுக்க முடியாது. அதற்குப் படத்தைத்தான் தாமதிக்கவேண்டும், எல்லா டிவிக்கும் அந்த வசதி இல்லை. ஆர்க்கில் ஒலி படத்துக்கு முந்தி வந்தால் மட்டும் Audio Delay பயன்படும். மொபைலில் யூடியூப் போன்ற செயலிகள் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தைச் சரிசெய்துவிடும், அதனால் அங்கே இந்தத் தொல்லை தெரியாது. விளையாட்டுகளில் தெரியும்.

பாட்டுக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. ப்ளூடூத் 5.0, 5.3 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒலி மேம்படும் என்று நினைக்கவும் வேண்டாம். ஒலித் தரத்தைத் தீர்மானிப்பது ஒலியைச் சுருக்கி விரிக்கும் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்னும் கோடெக் முறைகள், அதுவும் மொபைல், ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே முறை இருந்தால்தான். 2 அங்குல ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் கேட்பதே அரிது. பத்து மீட்டர் என்று சொல்லும் தூரம் வெட்டவெளிக்கானது. நடுவில் கான்கிரீட் சுவர் ஒன்று வந்தாலே விட்டுவிட்டுக் கேட்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது இன்னும் மோசம், இரண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இருப்பதால்.

நான்காம் படி: உடலைப் பாருங்கள்

கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதே பெரும்பாலும் நல்லது. காந்தமும் பெட்டிச் சுவரும்தான் அந்தக் கனம். பக்கவாட்டில் விரலால் தட்டினால் மந்தமான ஒலி வரவேண்டும். டப்பாபோல் கணகணத்தால் சத்தம் ஏறும்போது பெட்டியும் சேர்ந்து பேசும்.

சவுண்ட்பாரின் நீளத்தை டிவியோடு ஒப்பிடுங்கள். 43 அங்குல டிவி ஏறக்குறைய 96 சென்டிமீட்டர் அகலம். 32 அங்குலம் என்றால் 72. பார் அதைவிட நீளக்கூடாது, டிவியின் கால்களுக்கு நடுவே வைப்பதானால் அந்த இடைவெளியையும் அளக்கவேண்டும். உயரம் அதைவிட முக்கியம்: கீழ் விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் இருக்கும் இடத்தில் 7 சென்டிமீட்டர் பாரை வைத்தால் டிவியின் ரிமோட் கண் மறைந்துவிடும். ரிமோட் பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் பயனிருக்காது. டிவி ஷோகேஸின் பொந்துக்குள் பாரைத் தள்ளி வைப்பது இன்னொரு வழக்கம். மரப்பெட்டியின் எதிரொலி சேர்ந்து ஆண் குரல்கள் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பாரின் முகம் தட்டின் முன்விளிம்போடு சமமாக இருக்கட்டும்.

தனி சப்வூஃபர் வேண்டுமா என்பதை இந்த வீட்டில் காதைவிடக் கீழ்வீடுதான் முடிவுசெய்யும். தாழ்ந்த ஒலி தளத்தின் வழியாக இறங்கும், சத்தத்தைக் குறைத்தாலும் அதிர்வு போகும். மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும்; 10 அடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அருகிலும், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் அருகிலும் உள்ள ஒலிகள் மட்டும் தூக்கலாகக் கேட்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சப்வூஃபரைச் சோபாவின் மேல் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து பாருங்கள். எந்த இடத்தில் பேஸ் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இது நம்பகமான முறை.

சமையலறை ஸ்பீக்கருக்கு ஐபி எண் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும்; இங்கே அது போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம். ஆனால் 7 என்பதால் குழாய்ப் பீச்சலையும் தாங்கும் என்று அர்த்தமில்லை, அது வேறு சோதனை. ஐபி67-ல் வரும் 6 தூசுக்கானது. எல்லாமே நல்ல தண்ணீரில் செய்த சோதனைகள். கடலோரம் கொண்டுபோனால் நல்ல நீரில் அலசித் துடைத்து, சார்ஜ் துளை முழுக்க உலர்ந்த பிறகே சார்ஜ் போடவேண்டும்.

டைப்-சி துளை இருந்தும் புது மொபைலின் இருமுனை டைப்-சி கம்பியில் சார்ஜ் ஏறவில்லை என்றால் பேட்டரியைக் குறைசொல்லாதீர்கள். மலிவு ஸ்பீக்கர்களில் அந்தத் துளைக்குள் இருக்கவேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை விட்டுவிடுவார்கள். அவை இல்லாமல் சார்ஜர் மின்சாரத்தையே திறக்காது. பழைய வகை யூஎஸ்பி சார்ஜரும், அதனோடு வரும் ஏ-டூ-சி கம்பியும் போட்டால் ஏறும்.

ஐந்தாம் படி: கேட்டுப் பார்ப்பது

கடையில் அதிரும் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் ஒரு செய்தி வாசிப்பையும் ஒரு மிருதங்கத் தனியையும் கேளுங்கள். செய்தியில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காதைக் கீறாமல் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விழவேண்டும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கிகள் ஏறி இறங்குவது தெரியவேண்டும். எல்லாமே ஒரே ‘தும்’ ஆகக் கேட்டால் அந்தப் பேஸ் பெட்டியின் சொந்தச் சரக்கு. பிறகு சத்தத்தை எண்பது சதவீதத்துக்கு ஏற்றுங்கள். சின்ன ஸ்பீக்கர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அந்த நிலையில் பேஸைக் குறைத்துக்கொள்ளும், அது கோளாறல்ல. கரகரப்பு வந்தால்தான் விலகவேண்டும்.

நம் வீட்டுக்கு இப்போது கணக்கு தெளிவு: 90 சென்டிமீட்டருக்குள் நீளம், 6 சென்டிமீட்டருக்குள் உயரம், 40 வாட் ஆர்எம்எஸ், ஆர்க் துளை, டால்பியைப் பிரிக்கும் திறன், சப்வூஃபர் இல்லாத ஒற்றைப் பார். சமையலறைக்கு ஐபிஎக்ஸ்4 உள்ள 5 முதல் 10 வாட் ஸ்பீக்கர். பிற்காலத்தில் அதே ஸ்பீக்கரை இன்னொன்றோடு இணைத்து இடது-வலதாகக் கேட்கும் எண்ணமிருந்தால் மாடல் பெயரைக் குறித்துவையுங்கள், பெரும்பாலும் ஒரே மாடல் இரண்டுதான் சேரும்.

வீட்டுக்கு வந்ததும் திருப்பித் தரும் கெடு முடியும் முன் எல்லா வழிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: ஆர்க்கில் ஒரு சேனல், ஆர்க்கில் ஒரு டால்பி படம், ஆப்டிகல், ஆக்ஸ், மொபைலிலிருந்து ப்ளூடூத், பென் டிரைவ். இன்று ஆர்க்கை மட்டும் பயன்படுத்தினாலும், நாளை டிவி மாறும்போது எந்தத் துளை கைகொடுக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும். பாரின் பின்னால் உள்ள ‘யூஎஸ்பி’ பென் டிரைவுக்கானது, டிவியை இணைக்க அல்ல. சுவரில் மாட்டுவதாக இருந்தால் இந்தச் சோதனை முழுவதும் முடிந்த பிறகே துளை போடுங்கள்.